எல்லா 28-உம் ஒரே 28 தானா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் எழும் முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் டைம்டேபிளைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒருவருக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி பாடவேளை விழுந்திருக்கும். இன்னொருவருக்குத் தினமும் கடைசி பீரியட் ஒன்பதாம் வகுப்பு. முணுமுணுப்பு தலைமை ஆசிரியர் காதுக்குப் போகும்போது அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “எல்லாருக்கும் சமமாத்தான் போட்டிருக்கு சார், வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க.” எண்ணிப் பார்த்தால் சமமாகத்தான் இருக்கும். மேலே பேச வழியில்லாமல் வந்தவர் திரும்பிவிடுவார்.

இந்தப் பதிலுக்குள் ஒரு முழுக் கொள்கையே ஒளிந்திருக்கிறது. டைம்டேபிள் என்பது கட்டங்களை நிரப்பும் எழுத்து வேலை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பீரியட் எண்ணிக்கை சமமாக இருந்தால் அது நியாயமான டைம்டேபிள். கணக்கைக் காலையில் வைத்துவிட்டால் அது நல்ல டைம்டேபிள். உயர்நிலைப் பள்ளிகளில் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து இதுதான். இதில் ஒவ்வொரு பகுதியும் தவறு. ஒரு பகுதி நடைமுறையில் தவறு என்றால், இன்னொரு பகுதி வெறும் கூட்டல் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

வாதம் அந்தரத்தில் நிற்காமல் இருக்க, தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில் ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். ஆறு முதல் பத்து வரை வகுப்புகள், வகுப்புக்கு ஏ, பி என்று இரண்டு செக்ஷன், மொத்தம் 10 செக்ஷன். செக்ஷனுக்கு 40 பேர். நாளுக்கு 45 நிமிடத்தில் 8 பீரியட், வாரத்துக்கு 5 நாள்; ஆக ஒரு செக்ஷனுக்கு 40 பீரியட். கணக்குக்கும் அறிவியலுக்கும் வாரம் ஏழேழு, தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலுக்கு ஆறாறு, உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் இரண்டிரண்டு. மிச்சம் நான்கு: நூலகம், கணினி, நன்னெறி, மன்றச் செயல்பாடு. ஆசிரியர்கள் 14 பேர். கணக்குக்கும் அறிவியலுக்கும் மும்மூன்று பேர், தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலுக்கு இரண்டிரண்டு பேர், ஒரு பி.டி. மாஸ்டர், ஓர் ஓவிய ஆசிரியர். தலைமை ஆசிரியரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியர்கள் மூவரையும் பார்ப்போம். 10 செக்ஷனுக்கு 70 பீரியட். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு இருபத்து மூன்றே சொச்சம். ஆனால் செக்ஷனைத் துண்டு போட முடியாது. ஒரே செக்ஷனுக்கு இயற்கணிதத்தை ஒருவரும் வடிவியலை ஒருவரும் எடுத்தால், தேர்வுத்தாள் யார் எடுப்பது, பின்தங்கும் பையனுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தரத்தில் தொங்கும். எனவே வேலை ஏழு ஏழாகத்தான் பிரியும். ஒருவருக்கு நான்கு செக்ஷன், மற்ற இருவருக்கு மூன்று மூன்று. முதலாமவர் ஆறும் ஏழும் எடுக்கிறார்: 28 பீரியட். இரண்டாமவருக்கு எட்டாம் வகுப்பு இரண்டும் ஒன்பது ஏ-வும்: 21. மூன்றாமவருக்கு ஒன்பது பி-யும் பத்தாம் வகுப்பு இரண்டும்: அவருக்கும் 21.

இங்கேதான் ‘சமம்’ உள்ளே வருகிறது. 28-க்கும் 21-க்கும் இடையே உள்ள ஏழை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். நூலகம், கணினி, நன்னெறி, மன்றம் என்று பள்ளி முழுக்க 40 இலேசான பீரியட்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. குறைவாக இருக்கும் இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்கும் இரண்டு அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஏழேழு கொடுத்தால் 28 தீர்ந்தது. மிச்சம் 12-இல் பி.டி. மாஸ்டருக்கு ஆறு, ஓவிய ஆசிரியருக்கு ஆறு. இப்போது பார்த்தால் மொழியும் சமூக அறிவியலும் எடுப்பவர்களுக்கு 30, கணக்கும் அறிவியலும் எடுப்பவர்களுக்கு 28, மற்ற இருவருக்கு 26. யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத தாள் அது.

அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது வேறு. முதல் கணக்கு ஆசிரியரின் 28-உம் உண்மையான வகுப்புகள். 160 நோட்டுகள் திருத்த வேண்டும். மூன்றாமவரின் 28-இல் 21 தான் கணக்கு, 120 நோட்டுகள். ஆனால் பத்தாம் வகுப்பு அவர் தலையில். காலையிலும் மாலையிலும் நடக்கும் ஸ்பெஷல் கிளாஸ் எந்தக் கட்டத்திலும் ஏறாது. பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கப்போவதும் அவர்தான். இரண்டாமவருக்கோ நோட்டும் குறைவு, பத்தாம் வகுப்பும் இல்லை. மூன்று பேருக்கும் தாளில் ஒரே 28.

மொழி ஆசிரியர் பக்கம் போனால் வேறுபாடு இன்னும் பெரிது. தமிழாசிரியர் ஒருவருக்கு ஐந்து செக்ஷன், 200 பிள்ளைகள். கட்டுரை நோட்டு ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலே ஒரு சுற்றுத் திருத்த 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். கட்டுரை நோட்டை ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளுகிறார்கள் என்று பெற்றோர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்குச் சோம்பல் காரணமாக இருக்கலாம். ஆனால் பல சமயம் டைம்டேபிளே காரணமாக இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் தமிழாசிரியரின் 30-ஐக் குறைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மூன்றாவது தமிழாசிரியர் இல்லாமல் அது முடியாது. ஆளை நியமிக்கும் அதிகாரம் டைம்டேபிள் போடுபவரிடம் இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாதவரிடம் பாரத்தைக் குறைக்க முடியும். வகுப்பாசிரியர் பொறுப்பு, பதிவேடுகள், மாற்று வகுப்பு, விழா ஏற்பாடு எல்லாமே டைம்டேபிளுக்கு வெளியே இருக்கும் பாரங்கள். ஒரு பள்ளி தனக்குத் தானே எளிய அளவுகோல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். திருத்தம் உள்ள பாடத்துக்கு பீரியடுக்கு ஒன்று, இலேசான பீரியடுக்கு அரை, பத்தாம் வகுப்பு செக்ஷன் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு என்று வைத்தால், முதல் கணக்கு ஆசிரியருக்கு 28 வரும். மூன்றாமவருக்கு இருபத்தெட்டரை. பத்தாம் வகுப்பு எடுக்கும் தமிழாசிரியருக்கு 34. இரண்டாம் கணக்கு ஆசிரியருக்கோ இருபத்து நாலரைதான். யாரை வகுப்பாசிரியராகப் போடுவது, மாற்று வகுப்புக்கு முதலில் யாரை அனுப்புவது, யாரைக் கடைசியாகத் தொடுவது என்பதெல்லாம் இந்த வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அளவுகோலின் எண்களை மாற்றிக்கொள்ளலாம், சண்டை போட்டுக்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று நடிப்பதை விட அந்தச் சண்டை மேல்.

எடை ஒருபுறம் இருக்க, அடுக்கும் முறை இன்னொரு விஷயம். வாரம் 28 என்றால் நாளுக்கு ஐந்தோ ஆறோ. ஆறு பீரியட் உள்ள ஒரு செவ்வாய்க்கிழமையை இரண்டு விதமாகப் போடலாம். 1, 2, 3, 4, பிறகு 6, 8 என்று போட்டால், காலை முழுக்க மூன்று மணி நேரம் தொண்டை ஓயாது. 1, 2, பிறகு 4, 5, பிறகு 7, 8 என்று போட்டால் எந்த இடத்திலும் இரண்டுக்கு மேல் தொடர்ச்சி இல்லை. இரண்டும் ஆறுதான். ‘எண்ணிப் பாத்துக்குங்க’ என்பவரின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அடுத்தது ஃப்ரீ பீரியட். வேலை இல்லாத நேரம் என்றுதான் அதைப் பற்றிய பொது நினைப்பு. யாராவது லீவு போட்டால் ஃப்ரீயாக இருப்பவரை அனுப்பு, அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை அப்படிப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருக்கு அதன் அட்டவணை வாரம் 45 மணி நேரத்தை வகுத்திருக்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. 45 நிமிட பீரியட் 30 எடுப்பவர் வகுப்பில் நிற்பது இருபத்திரண்டரை மணி நேரம். சட்டக் கணக்கில் சரியாகப் பாதி. மறுபாதி தயாரிப்புக்கும் திருத்தத்துக்கும் பள்ளியின் மற்ற வேலைகளுக்கும் உரியது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் எட்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தயாரிப்பு வேண்டும், பத்தாம் வகுப்புக்கு வேண்டாம் என்று யாரும் வாதாடப் போவதில்லை.

ஃப்ரீ பீரியட் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாதிரிப் பள்ளியில் எந்த நேரத்தை எடுத்தாலும் 10 செக்ஷனில் 10 பேர் இருப்பார்கள். ஆசிரியர்கள் 14 பேர். ஆகவே எந்த பீரியடிலும் ஃப்ரீயாக இருப்பவர்கள் நான்கு பேர். கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். எப்படிப் போட்டாலும் இந்த நான்கு மாறாது. அந்த நான்கு யார் யார் என்பது மட்டும்தான் போடுபவர் கையில் இருக்கிறது.

அந்த ‘யார் யார்’ விளைவிக்கும் கூத்தைப் பாருங்கள். பெர்மிஷன், பேருந்து தாமதம் எல்லாம் முதல் பீரியடிலும் கடைசி பீரியடிலும்தான் வந்து விழும். எவருடைய ஃப்ரீ பீரியட்கள் அந்த ஓரங்களில் கிடக்கின்றனவோ அவர் வாரத்தில் பாதி நாள் மாற்று வகுப்பில் இருப்பார். நடு பீரியடில் ஃப்ரீயாக உள்ளவர் அமைதியாக நோட்டுத் திருத்துவார். ஆண்டு முழுக்க இது தொடரும்போது, ‘அந்த டீச்சருக்குத்தான் எப்போதும் சலுகை’ என்ற பேச்சு கிளம்புகிறது. யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். மாற்றுப் பணிப் பதிவேட்டை இரண்டு மாதம் புரட்டி ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். டைம்டேபிளின் தரத்தைச் சோதிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. பதிவேடு ஏற்கெனவே அலுவலக மேசையில்தான் இருக்கிறது.

இனி எல்லோருக்கும் பிடித்தமான விதிக்கு வருவோம்: கணக்கு காலையில்தான் இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்திலும் இதைக் கேட்பார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரியும் கேட்பார். இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாணவர்களின் தரவை வைத்து நோலன் போப் என்ற பொருளியலாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கைக் காலையில் படித்தவர்கள் பிற்பகலில் படித்தவர்களை விடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகத்தான் முடிவு வந்தது. காலை நல்லது என்பது சரியாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் காலை கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

உணவு இடைவேளைக்கு முன் நாளுக்கு நான்கு பீரியட், வாரத்துக்கு இருபது. முதல் கணக்கு ஆசிரியருக்கு 28 பீரியட் இருக்கிறது. காலையில் ஒரு நிமிடம்கூட உட்கார விடாமல் அவரை ஓட்டினாலும் எட்டு பீரியட் பிற்பகலுக்குப் போய்த்தான் தீரும். மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்றாவது போகும். இது இறுக்கிப் பிடித்த கணக்கு. நடைமுறையில் இன்னும் பல பீரியட்கள் போகும். ‘குறைந்தபட்சம் பத்தாம் வகுப்புக்காவது முதல் பீரியட் கணக்கு கொடுங்கள்’ என்பார்கள். பத்து ஏ-வுக்கும் பத்து பி-க்கும் ஒரே ஆசிரியர். இரண்டுக்கும் ஒரே நாளில் முதல் பீரியட் கணக்கு வைக்க வேண்டும் என்றால் அவர் இரண்டாகப் பிரிந்து நிற்க வேண்டும். கேட்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கேட்டு வைப்பது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ‘சரி, பார்க்கிறோம்’ என்று தலையாட்டுவதும்.

தலையாட்டியதற்கு விலை உண்டு. கணக்கை முடிந்தவரை காலையில் திணித்தால் பிற்பகலுக்குத் தள்ளப்படுவது எப்போதும் அதே ஆங்கிலமும் அதே சமூக அறிவியலும்தான். சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகும் ஐந்தாம் பீரியடில் ஆண்டு முழுக்க ஆங்கிலம் படித்த செக்ஷன் ஆங்கிலத்தில் பின்தங்கினால், யாருக்கும் டைம்டேபிள் நினைவுக்கு வராது, ஆசிரியரைத்தான் கேட்பார்கள். பாடங்களைச் சுழற்றுவதே நேர்மையான வழி. ஒரு செக்ஷனுக்குக் கணக்கு வாரம் ஏழு என்றால் ஐந்து நாளில் இரண்டு நாள் இரண்டு பீரியட் வரும். அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வராமல், செவ்வாயும் வியாழனும் போலத் தள்ளி வைக்கலாம். முதல் பீரியடைக் காலையில் வைத்துப் புதுப் பாடம் நடத்தலாம். இரண்டாவதைப் பிற்பகலில் வைத்து, காலையில் சொன்னதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பயிற்சி பீரியட் பிற்பகலில் இருப்பதால் குறை ஒன்றும் வந்துவிடாது. கையில் பென்சில் இருந்தால் தூக்கமும் குறையும்.

காலை முழுவதையும் கணக்குக்கு எழுதி வைக்க முடியாததற்கு இன்னொரு காரணம் மைதானம். பள்ளிக்கு ஒரு பி.டி. மாஸ்டர், செக்ஷனுக்கு வாரம் இரண்டு, மொத்தம் 20 பீரியட். நம் ஊர் வெயிலில் பத்தரை மணிக்கு மேல் மூன்று மூன்றரை வரை பிள்ளைகளை ஓடவிடுவது நல்லதில்லை. மிச்சம் இருப்பது 1, 2, 7, 8 ஆகிய பீரியட்கள். ஐந்து நாளுக்கு அவையும் சரியாக 20. இடுக்கு இல்லாத பொருத்தம். ‘பரீட்சை வருது, இன்னைக்கு பி.டி. பீரியட் எனக்குக் குடுங்க’ என்று கணக்கு சார் வாங்கிக்கொண்டால், அந்தச் செக்ஷனுக்கு அதை ஈடுசெய்ய அந்த வாரத்தில் நிழல் விழும் பீரியட் ஒன்றுகூட மிச்சமில்லை. போனது போனதுதான். இன்னொன்றும் இதில் சேர்கிறது. பி.டி. மாஸ்டர் ஓரங்களில் எப்போதும் மைதானத்தில் இருப்பதால் அவருடைய ஃப்ரீ பீரியட் 14-உம் நடுவில் குவிந்து கிடக்கும். நடு பீரியடில் யார் லீவு என்றாலும் கூப்பிடு பி.டி. மாஸ்டரை. பள்ளிக்குப் பள்ளி இந்த வழக்கம் இருப்பதற்கு அவருடைய குரல் வளம் மட்டும் காரணமில்லை.

அறைகளைப் பற்றிய கருத்து இதைவிட மெத்தனமானது. 10 செக்ஷன், 10 வகுப்பறை, இதில் என்ன டைம்டேபிள் என்பார்கள். சிக்கல் வகுப்பறையில் இல்லை, லேபில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனையை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேரை எட்டுக் குழுவாகப் பிரிக்க வேண்டும், லென்சும் தாங்கியும் திரையும் எடுத்துக் கொடுக்க வேண்டும், மெழுகுவர்த்தியின் பிம்பம் திரையில் தெளிவாக விழும்வரை நகர்த்த வேண்டும், தூரத்தை மாற்றி மாற்றி அளவெடுத்து அட்டவணை எழுத வேண்டும். 45 நிமிடத்தில் பாதி, சாமான் எடுத்து வைப்பதிலேயே போய்விடும். செய்முறைக்கு இரட்டை பீரியட் இல்லாமல் ஆகாது.

இரட்டை பீரியட் என்றால் நடுவில் மணி அடித்து இடைவேளை வரக் கூடாது. இரண்டாம் பீரியடுக்குப் பின் சிறு இடைவேளை, நான்காவதுக்குப் பின் சாப்பாடு, ஆறாவதுக்குப் பின் மீண்டும் சிறு இடைவேளை என்றால் பொருந்தும் இணைகள் 1-2, 3-4, 5-6, 7-8 மட்டும். வாரத்துக்கு 20 இணை, தேவை 10. பாதி காலி என்று தோன்றும். ஆனால் ஒரு வகுப்பு போனதும் அடுத்தது உள்ளே வந்தால் குப்பிகளைக் கழுவ, கருவிகளைச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை. 3-4, 7-8 என்று நாளுக்கு இரண்டு இணை வைத்தால் இடையே மூச்சுவிட முடிகிறது. ஐந்து நாளுக்குச் சரியாகப் பத்து.

எனவே தாளை எடுத்ததும் முதலில் எழுத வேண்டியவை லேபும் மைதானமும். ஆனால் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். கணக்கு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் ‘முக்கியமானவை’ என்று முதலில் உட்கார்ந்துவிடும். அறிவியலின் ஏழு பீரியடும் ஒற்றை ஒற்றையாகச் சிதறிப்போன பிறகு, லேபுக்கு எங்கே இணை இருக்கிறது என்று தேடுவார்கள். இருக்காது. இதன் அடையாளம் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேட்டில் தெரியும்: ஜூலை, ஆகஸ்டில் ஒரு சோதனையும் இருக்காது, செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரத்தில் எல்லாச் சோதனையும் ஒரே பேனாவில் எழுதப்பட்டிருக்கும். கணினி அறையின் கதை இன்னும் சுருக்கம். வாரம் 40 பீரியடில் 10 தான் அதற்கு வகுப்பு. மற்ற நேரம் பூட்டு. அறை போதவில்லை என்று மனு எழுதும் பள்ளி, முதலில் எந்த அறை எத்தனை பீரியட் திறந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு வரும் கடைசி வாதம் நவீனமானது: இதெல்லாம் இப்போது சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும், எதற்கு இவ்வளவு மண்டையுடைப்பு? சாஃப்ட்வேர் பயனுள்ளதுதான். லிவியு லலெஸ்கு எழுதிய FET இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய பள்ளியின் டைம்டேபிளைக் கையால் போடுவதை விட அதில் போடுவது எவ்வளவோ மேல். ஆனால் அது எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காது என்பதில் தெளிவு வேண்டும்.

ஆசிரியர், செக்ஷன் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் டைம்டேபிள் கடினமான புதிரே இல்லை. எந்த ஆசிரியருக்கும் எந்தச் செக்ஷனுக்கும் 40-க்கு மேல் பீரியட் இல்லாதவரை மோதல் இல்லாமல் அடுக்க நிச்சயம் ஒரு வழி உண்டு. ஹங்கேரியக் கணித அறிஞர் டேனெஸ் கோனிக் 1916-இல் நிறுவிய ஒரு தேற்றத்திலிருந்தே இது கிடைத்துவிடுகிறது. சிக்கல் பிறகுதான் ஆரம்பம். இன்ன ஆசிரியர் இன்ன நேரத்தில் வர முடியாது என்ற நிபந்தனைகளைச் சேர்த்தவுடன் இது கணினிக்கே மிகக் கடினமான வகைக் கணக்காகிவிடுகிறது என்று ஈவன், இதாய், ஷமீர் ஆகிய மூவரும் 1976-இல் காட்டினார்கள். மோதல் இல்லாமல் அடுக்குவதைத்தான் நம் பள்ளிகள் டைம்டேபிள் என்று நினைக்கின்றன. அது இந்த வேலையின் சுலபமான பாதி. எந்த நிபந்தனை வேண்டும், எது வேண்டாம், இரண்டு மோதினால் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கடினமான பாதி. அது மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது.

FET-இல் ஒவ்வொரு நிபந்தனைக்கும் இத்தனை சதவீதம் முக்கியம் என்று எடை கொடுக்கலாம். 100 என்றால் கட்டாயம். புதிதாகத் தொடங்கும் பள்ளி எல்லாவற்றுக்கும் 100 போடும். கணக்கு காலையில்: 100. பி.டி. ஓரத்தில்: 100. யாருக்கும் மூன்று தொடர் பீரியட் கூடாது: 100. பிறகு மென்பொருள் முடியாது என்று நின்றுவிட்டால், ‘இதெல்லாம் நம்ம ஸ்கூலுக்குச் சரிப்படாது சார்’ என்று பழைய தாளை எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது பள்ளிக்கு ஓர் உதவி செய்திருக்கிறது: கேட்பவர்களுக்கெல்லாம் தலையாட்டிச் சேர்த்த வாக்குறுதிகள் ஒன்றுக்கொன்று முரண் என்று காட்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், தமிழாசிரியரின் 10 மணி நேரத் திருத்தத்தை யாரும் உள்ளிடாவிட்டால் மென்பொருளுக்கும் எல்லா 28-உம் ஒரே 28 தான்.

காரணங்களைத் தாளில் எழுதி ஆசிரியர் கூட்டத்தில் வைத்தால் சண்டை அதிகமாகும் என்று அஞ்சும் தலைமை ஆசிரியர்கள் உண்டு. அச்சம் நியாயமானதுதான்; முதல் ஆண்டு பேச்சு நீளும். ஆனால் காரணம் எழுதாத டைம்டேபிள் ஆகஸ்டில் ஒருவர் இடமாறுதலில் போனதுமே குலைந்துவிடுகிறது. போட்டவரின் மனதில் மட்டும் இருந்த விஷயங்கள் வேறு யாருக்கும் தெரியாததால், காலியான கட்டத்தில் கைக்கு வந்தவரைப் போடுவார்கள். லேப் இணை உடையும், இரண்டு வாரத்தில் பி.டி. பீரியட் நடுவெயிலுக்கு நகரும். ஒரு பக்கக் குறிப்பு போதும். அறிவியல் இணைகள் 3-4, 7-8-இல் இருப்பது கருவி கழுவும் இடைவெளிக்காக, அசைக்க வேண்டாம். உடற்கல்விக்கு மாற்று இடம் இல்லை, அசைக்க வேண்டாம். நூலகம், நன்னெறி, மன்றம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பத்தாம் வகுப்புத் தமிழாசிரியரை மாற்று வகுப்புக்குக் கடைசியாகக் கூப்பிடவும். இந்தக் குறிப்பு டைம்டேபிளுக்குப் பின்னால் ஒட்டியிருந்தால், புதிதாக வரும் உதவித் தலைமை ஆசிரியர் எதை நகர்த்தலாம் எனக் கேட்டுக்கொண்டு பழையவரை ஃபோனில் தேட வேண்டியிருக்காது.